சும்மா இருந்தே தேயும் பேட்டரி: உள்ளே எட்டிப் பார்ப்போமா?

மேசையை விட்டு நகராத லேப்டாப் ஒன்று பல வீடுகளில் உண்டு. சார்ஜர் எந்நேரமும் சொருகியிருக்கும். பேட்டரி 100 சதவீதத்திலேயே நிற்கும். மூன்று வருஷம் கழித்து ஒரு மின்வெட்டு வரும்போதுதான் விஷயம் தெரியும். வாங்கியபோது நாலு மணி நேரம் ஓடியது, இப்போது மூன்றேகால் மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. "நான் பேட்டரியில் ஓட்டவே இல்லையே, இது எப்படித் தேய்ந்தது?" என்று எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் இதற்கான பதில் இருக்கிறதே, அது அவ்வளவு சுவாரஸ்யம்! அதைத் தேடிப் பேட்டரிக்குள்ளும், இரண்டு ஆய்வுக்கூடங்களுக்குள்ளும், கடைசியில் உங்கள் லேப்டாப்புக்குள்ளும் ஒரு சுற்று போய் வரலாம், வாருங்கள்.

லித்தியம் அயன் பேட்டரிக்கு இரண்டு விதத் தேய்மானம் உண்டு. ஒன்று, நாள் போகப் போக வருவது. பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் இது நடக்கும். பொறியாளர்கள் இதைக் காலண்டர் ஏஜிங் என்பார்கள். நாம் நாள் தேய்மானம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, சார்ஜ் ஏற்றி இறக்குவதால் வருவது. அது சைக்கிள் ஏஜிங், அதாவது சுற்றுத் தேய்மானம். இரண்டும் ஒரே பேட்டரியில் ஒரே நேரத்தில் நடக்கும். உங்கள் கருவியில் எது அதிகம் தின்கிறது என்று தெரிந்துவிட்டால், அதைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

செல்லுக்குள் நடக்கிற கூத்து

ஒரு செல்லைப் பிரித்தால் தாமிரத் தகட்டின் மேல் பூசிய கருப்பு கிராஃபைட் ஒரு பக்கம், அலுமினியத் தகட்டின் மேல் பூசிய உலோக ஆக்சைடு இன்னொரு பக்கம், நடுவே எலக்ட்ரோலைட்டில் நனைந்த மெல்லிய பிரிப்புத்தாள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டுக் கிளம்பி கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பயன்படுத்தும்போது திரும்பி வரும். இவ்வளவுதான் அதன் வேலை.

திகைப்பான சங்கதி இனிமேல்தான் வருகிறது. சார்ஜ் ஏறிய கிராஃபைட்டின் மின்னழுத்தம், லித்தியம் உலோகத்தோடு ஒப்பிட்டால், 0.1 வோல்ட் அளவில்தான் இருக்கும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எலக்ட்ரோலைட்டோ 0.8 வோல்ட்டுக்குக் கீழே போனாலே சிதைய ஆரம்பித்துவிடும். கணக்குப்படி பார்த்தால் இந்த இரண்டும் ஒரே டப்பாவில் இருக்கவே கூடாது! இருந்தும் உங்கள் போன் வருஷக்கணக்கில் ஓடுகிறது. எப்படி?

முதல் சார்ஜின்போதே எலக்ட்ரோலைட்டில் கொஞ்சம் சிதைந்து, கிராஃபைட் மேல் ஒரு படலமாகப் படிந்துவிடுகிறது. அதற்கு எஸ்.இ.ஐ. படலம் என்று பெயர். கனம் சில பத்து நானோமீட்டர்தான். அது லித்தியம் அயனியை உள்ளே விடும், எலக்ட்ரான் எலக்ட்ரோலைட்டைத் தொடாதபடி தடுக்கும். தொழிற்சாலையில் இந்த முதல் சார்ஜை மிக மெதுவாக, கவனமாகச் செய்கிறார்கள். பிறகு செல்களை நாள்கணக்கில் அப்படியே அடுக்கி வைத்து, எதில் மின்னழுத்தம் கூடுதலாக இறங்குகிறது என்று பார்த்துக் கழித்துக்கட்டுகிறார்கள். நீங்கள் கடையில் பெட்டியைப் பிரிக்கும் முன்பே உங்கள் பேட்டரி தன் லித்தியத்தில் ஒரு பங்கை இந்தப் படலத்துக்குக் கொடுத்துவிட்டது.

படலம் முழுமையான தடுப்பு அல்ல. துளித் துளியாகக் கசிவு இருந்துகொண்டே இருக்கும். படலமும் தடித்துக்கொண்டே போகும். அதில் மாட்டிக்கொண்ட லித்தியம் திரும்பி வராது. உங்கள் பேட்டரி இழக்கும் கொள்ளளவில் பெரும்பங்கு இப்படிக் கைதான லித்தியம்தான்.

முழங்காலில் பட்ட காயத்தின் மேல் கட்டும் பொருக்கை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஆட்டாமல் வைத்திருந்தால் பொருக்கு தன் போக்கில் மெல்லத் தடிக்கும். அது நாள் தேய்மானம். மடக்கி மடக்கி நீட்டினால் பொருக்கு வெடிக்கும், வெடித்த இடத்தில் புதிதாகக் கட்டும். அது சுற்றுத் தேய்மானம். கிராஃபைட் உண்மையிலேயே மடங்கி நீள்கிறது: முழுக்கச் சார்ஜ் ஏறும்போது அதன் கன அளவு சுமார் 10 சதவீதம் பெருக்கிறது, இறங்கும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு பெருக்கத்திலும் படலத்தில் கீறல், ஒவ்வொரு கீறலுக்கும் புதிய லித்தியம் செலவு.

தடித்த படலம் கசிவைக் குறைக்கும் அல்லவா? அதனால் நாள் தேய்மானம் முதல் வருஷம் வேகமாகவும் பிறகு வரவர மெதுவாகவும் போகும். தோராயமாக, காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி நடக்கும். ஒரு வருஷத்தில் போனதைப் போல இரண்டு மடங்கு போக நாலு வருஷம் ஆகும். சுற்றுத் தேய்மானம் அப்படி இளைப்பாறாது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய அதே அளவு எடுத்துக்கொண்டே போகும். கடைசிக் காலத்தில் திடீரென்று வேகமெடுத்துக் குப்புற விழவும் செய்யும். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். துப்பறியப் போகும்போது இதுதான் கைவிளக்கு.

ஹாலிஃபாக்ஸில் ஒரு அபார அளவுகோல்

கனடாவின் கிழக்குக் கரையில் ஹாலிஃபாக்ஸ் நகரம். அங்குள்ள டல்ஹவுஸி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் என்ற இயற்பியல் பேராசிரியரின் குழு இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொண்டது. பேட்டரி சாவது நாளாலா, சுற்றாலா?

வழக்கமான வழி, வருஷக்கணக்கில் சார்ஜ் ஏற்றி இறக்கிக் காத்திருப்பது. அவர்கள் காத்திருக்க விரும்பவில்லை. உள்ளே போன மின்னூட்டத்தையும் வெளியே வந்த மின்னூட்டத்தையும் மிக மிக நுணுக்கமாக எண்ணும் கருவியைத் தாங்களே கட்டினார்கள். ஏன் அவ்வளவு நுணுக்கம்? ஒரு சுற்றுக்கு 99.9 சதவீதம் திரும்பி வருகிறது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே விகிதத்தில் 1000 சுற்று போனால் மிஞ்சுவது 37 சதவீதம்தான்! 99.99 சதவீதம் என்றால் 90 சதவீதம் மிஞ்சும். வாழ்வும் சாவும் அந்த நாலாவது ஒன்பதில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த கருவி இருந்தால், சில வாரங்களிலேயே பேட்டரியின் எதிர்காலம் தெரிந்துவிடும்.

அந்தக் கருவியில் கிராஃபைட் செல்களை மாட்டி, சிலவற்றை வேகமாகவும் சிலவற்றை மெதுவாகவும் ஓட்டினார்கள். வேகமாக ஓட்டியவைதான் அதிகம் தேயும் என்று நாம் நினைப்போம் இல்லையா? ஒரு சுற்றுக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்தால், மெதுவாக ஓடியவைதான் அதிகம் இழந்தன! காரணம் எளிது. மெதுவான சுற்று முடிய அதிக நேரம் ஆகிறது; அந்த நேரம் முழுக்கப் படலம் தடித்துக்கொண்டே இருக்கிறது. சுற்று எண்ணிக்கையை விட்டுவிட்டு, கழிந்த நேரத்தை வைத்துக் கோடு போட்டதும் சிதறிக் கிடந்த புள்ளிகள் ஒன்றுசேர்ந்தன. 2011இல் வெளிவந்த அந்த ஆய்வின் சாரம்: அந்தச் செல்களில் படலத்தை வளர்த்தது நேரம், சுற்று அல்ல.

இதில் எனக்குப் பிடித்தது முடிவைவிட அந்த உத்திதான். ஒரே இழப்பை இரண்டு விதமாகக் கோடு போடு. ஒன்று நாளை வைத்து, மற்றொன்று சுற்றை வைத்து. எந்தக் கோடு ஒழுங்காக வருகிறதோ அதுதான் ஆள். இந்த உத்தியை உங்கள் மேசையிலேயே செய்யலாம்.

மியூனிக்கில் பதினாறு அலமாரி நிலைகள்

இன்னொரு எட்டு, ஜெர்மனிக்கு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கைல் குழுவினர் கடையில் கிடைக்கும் மூன்று வகை உருளைச் செல்களை வாங்கி, 0 முதல் 100 சதவீதம் வரை 16 வெவ்வேறு சார்ஜ் நிலைகளில் வைத்து, சூட்டுப் பெட்டிக்குள் சும்மா உறங்கவிட்டார்கள். ஏற்றவில்லை, இறக்கவில்லை. அவ்வப்போது எழுப்பி அளந்தார்கள், அவ்வளவுதான்.

2016இல் வெளிவந்த முடிவு அழகானது. சார்ஜ் கூடக் கூடத் தேய்மானமும் சீராகக் கூடும் என்று எதிர்பார்த்தால், அது படிக்கட்டாக வந்தது! ஒரு பெரிய வீச்சு முழுக்க ஒரே அளவு தேய்மானம். கிராஃபைட் பாதிக்கு மேல் நிரம்பியதும் சட்டென்று ஒரு படி மேலே. அந்த இடத்தில் கிராஃபைட்டின் மின்னழுத்தம் ஒரு படி கீழே இறங்குகிறது, எலக்ட்ரோலைட் சிதைவது கூடுகிறது. அதனால்தான் 100இல் நிற்கும் லேப்டாப்பைவிடப் பாதியை ஒட்டி நிற்கும் லேப்டாப்புக்கு ஆயுள் அதிகம். இதோடு சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெப்பநிலை ஏற ஏற இந்த வேதிவினை பல மடங்கு வேகமெடுக்கும். பிராசஸருக்குப் பக்கத்தில் சூட்டில் படுத்திருக்கும், எப்போதும் 100இல் இருக்கும் பேட்டரிக்கு இரண்டு வகையிலும் கெடுதல்.

இப்போது உங்கள் லேப்டாப்

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
powercfg /batteryreport
```

battery-report.html என்று ஒரு கோப்பு வரும், எங்கே இருக்கிறது என்பதையும் அதுவே சொல்லும். பிரௌசரில் திறந்து பாருங்கள். லினக்ஸ் என்றால் பெரும்பாலான லேப்டாப்களில் இவை போதும்:

```
cd /sys/class/power_supply/BAT0
cat cycle_count energy_full_design energy_full
```

மூன்று எண்கள் வேண்டும். வாங்கும்போது இருக்க வேண்டிய கொள்ளளவு DESIGN CAPACITY. இப்போது இருப்பது FULL CHARGE CAPACITY. மூன்றாவது CYCLE COUNT. சுற்று என்பது சார்ஜரை எத்தனை தடவை சொருகினீர்கள் என்பதல்ல. பாதி பாதியாக இரண்டு தடவை செலவழித்தாலும் ஒரு சுற்றுதான்.

கணக்கு புரிவதற்காக ஒரு மேசை லேப்டாப்பை வைத்துக்கொள்வோம். வயது மூன்று வருஷம். DESIGN CAPACITY 50,000 mWh, FULL CHARGE CAPACITY 41,000 mWh, CYCLE COUNT 96. போனது 9,000 mWh, அதாவது 18 சதவீதம்.

முதல் சோதனை, சுற்றுக்குரிய பங்கைக் கழிப்பது. தயாரிப்பாளர் 1000 சுற்றுக்குப் பின் 80 சதவீதம் மிஞ்சும் என்கிறார் என்றால், 1000 சுற்றுக்கு 20 சதவீதம் போகிறது. 100 சுற்றுக்கு 2 சதவீதம். நம் 96 சுற்றுக்கு 2 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அந்த உறுதிமொழி மிதமான சூட்டில் ஆய்வுக்கூடத்தில் எடுத்தது, நம் ஊர் வெயில் வேறு என்பீர்கள். சரி, இரட்டிப்பாக்குங்கள், 4 சதவீதம். மீதி 14 சதவீதத்தை யார் தின்றது? நாள்தான்! உறுதிமொழி 300 சுற்றுதான் என்று வைத்தாலும் சுற்றின் பங்கு 6.4 சதவீதம், அப்போதும் நாள்தான் முன்னால் நிற்கிறது. எப்படிப் புரட்டினாலும் அதே பதில் வருவது எவ்வளவு நிம்மதி!

இரண்டாவது சோதனை, கோட்டின் வளைவு. அறிக்கையில் Battery capacity history என்ற பகுதிக்கு வாருங்கள். தேதிவாரியாகக் கொள்ளளவு வரிசையாக இருக்கும். முதல் வருஷம் 9 அல்லது 10 சதவீதம், இரண்டாம் வருஷம் 4 அல்லது 5, மூன்றாம் வருஷம் 3 அல்லது 4 என்று இழப்பு சுருங்கிக்கொண்டே வந்தால், வர்க்கமூலம் கண் முன்னே நடக்கிறது, நாள் தேய்மானம்தான். வருஷத்துக்கு 6, 6, 6 என்று நேராக விழுந்தால், அல்லது கடைசியில் வேகம் பிடித்தால், சுற்றின் மேல் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவதுதான் ஹாலிஃபாக்ஸ் உத்தி, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே லேப்டாப் வாழ்க்கையில் இரண்டு விதமான பருவங்களைத் தேடுங்கள். கல்லூரி நாட்களில் தினமும் பேட்டரியில் ஓடியிருக்கும். விடுமுறையில் மாதக்கணக்கில் சார்ஜரிலேயே கிடந்திருக்கும். சுற்று எண் ஏறக்குறைய அசையாத அந்த விடுமுறையிலும் கொள்ளளவு கல்லூரி நாட்களைப் போலவே இறங்கியிருந்தால், தேய்ப்பது நாள். விடுமுறையில் கோடு படுத்துக்கிடந்து, கல்லூரி திறந்ததும் சரிந்தால், தேய்ப்பது சுற்று. அறிக்கை சுற்று எண்ணின் வரலாற்றைத் தராது என்பதால், மாதம் ஒரு முறை தேதி, சுற்று எண், கொள்ளளவு மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைத்தால் போதும்.

கால் வாரும் சில்லு

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, தெரியாமல் போனால் தப்பான ஆளைப் பிடித்துவிடுவோம். FULL CHARGE CAPACITY அளந்த எண் அல்ல, ஊகித்த எண். பேட்டரிப் பொதிக்குள் ஒரு சின்னச் சில்லு உட்கார்ந்து, போகிற வருகிற மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும். பேட்டரி நன்றாக இறங்கி, ஓய்ந்து, மறுபடி நிரம்பும்போதுதான் அதற்கு உண்மையான கொள்ளளவு பிடிபடும். எப்போதும் சார்ஜரிலேயே இருந்தால் அதற்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. மாதக்கணக்கில் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்; ஒரு மின்வெட்டுக்குப் பிறகு ஒரே நாளில் 5 சதவீதம் குறைத்துவிடும். அந்தச் செங்குத்து இறக்கம் அன்றைக்கு நடந்த தேய்மானம் அல்ல, பழைய பாக்கி ஒட்டுமொத்தமாகக் கணக்கில் ஏறியது.

ஆகவே தீர்ப்புச் சொல்லும் முன் சில்லுக்கு ஒரு முறை பாடம் எடுங்கள். 100 வரை ஏற்றி, ஓரிரு மணி நேரம் விட்டு, சாதாரண வேலையில் 5 சதவீதம் வரை இறக்கி, அணைத்து இன்னும் சில மணி நேரம் ஓயவிட்டு, தடையில்லாமல் முழுக்க ஏற்றுங்கள். அதன் பிறகு வரும் எண்ணை நம்பலாம். இதை மாதாமாதம் செய்ய வேண்டியதில்லை. முழு இறக்கமும் ஒரு சுற்றுதான். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். CYCLE COUNT இடத்தில் வெறும் கோடு இருந்தால், தயாரிப்பாளரின் சொந்தச் செயலியில் பாருங்கள்.

போன் என்ன சொல்கிறது?

ஐபோன் 15 முதல் வந்தவற்றில் அமைப்புகளுக்குள்ளேயே சுற்று எண், பேட்டரி தயாரான மாதம், முதலில் பயன்படுத்திய மாதம் எல்லாம் தெரியும். புதிய ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றிலும் சுற்று எண் தெரியும். ஐபோன் 15 வரிசைக்கு 1000 சுற்றுக்கு 80 சதவீதம் என்பது ஆப்பிளின் அறிவிப்பு. ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன்களுக்கு, 800 சுற்றுக்குப் பின் குறைந்தது 80 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்று விதித்திருக்கிறது.

இப்போது வேறு ஒரு போன். உணவு டெலிவரி செய்பவருடையது என்று வைத்துக்கொள்வோம்: 20 மாதம், 900 சுற்று, மிச்சம் 79 சதவீதம். 1000 சுற்று உறுதிமொழிப்படி 900 சுற்றுக்கே 18 சதவீதம் போகலாம். போனது மொத்தம் 21. இங்கே பெரும்பங்கு சுற்றுக்குத்தான். இப்படிப்பட்ட போனில் இன்னொரு அடையாளமும் தலைகாட்டும்: 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே கேமராவைத் திறந்ததும் பொத்தென்று அணைந்துவிடும். உள் மின்தடை ஏறிவிட்டதால் திடீர் மின்னோட்டத்தைத் தாங்க முடியாமல் மின்னழுத்தம் சரிகிறது. ஆனால் பல வருஷம் சூட்டில் கிடந்த பேட்டரியிலும் மின்தடை ஏறும். எனவே இது துணைச் சாட்சிதான், தனியாக நம்ப வேண்டாம்.

இரண்டு கணக்கையும் சேர்த்தால் ஒரு தோராய விதி கிடைக்கிறது. உங்கள் கருவி வருஷத்துக்கு 100 சுற்றுக்கும் குறைவாக ஓடினால், பெரும்பாலும் நாள்தான் தேய்க்கிறது. 300க்கு மேல் போனால் சுற்றும் சம பங்குக்கு வந்துவிடும், வேகச் சார்ஜும் சேர்ந்தால் முந்திவிடும். இரண்டுக்கும் நடுவே என்றால் மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் செய்துதான் ஆக வேண்டும்.

ஆளைப் பிடித்தாயிற்று, அடுத்து?

நாள்தான் என்றால், பேட்டரியை "மிச்சம் பிடிப்பது" எந்தப் பயனும் தராது. சார்ஜ் உச்சவரம்பை இறக்குங்கள். பல லேப்டாப்களில் 80 என்ற வரம்பு உண்டு, சிலவற்றில் 60ம் உண்டு. மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு 60தான் சரி. மியூனிக் படிக்கட்டு நினைவிருக்கட்டும். சூட்டைக் குறையுங்கள்: காற்றுத் துளையை அடைக்கும் மெத்தை, ஜன்னலோர வெயில் இரண்டும் ஆகாது. நாளைக்கு உதவும் என்று இன்றே மாற்று பேட்டரி வாங்கி அலமாரியில் வைக்காதீர்கள். அதுவும் அங்கேயே தேயும். தேவைப்படும்போது வாங்குங்கள், அட்டையில் தயாரான தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

சுற்றுதான் என்றால், 60 வரம்பு உங்களுக்கு இடைஞ்சல்தான். ஆழமாக இறக்காமல் 30க்கும் 80க்கும் நடுவே அடிக்கடி ஏற்றுங்கள். கிராஃபைட்டின் பெருக்கமும் சுருக்கமும் குறையும். இரவு முழுக்க நேரம் இருக்கும்போது வேகச் சார்ஜரை விட்டுச் சாதாரணச் சார்ஜரில் போடுங்கள். அடுத்த போன் வாங்கும்போது பெரிய பேட்டரியாகப் பாருங்கள். அதே வேலைக்குச் சுற்று குறையும்.

இரண்டில் எதுவாக இருந்தாலும், டச்பேட் மேலே எழும்பினாலோ போனின் பின்பக்கம் உப்பினாலோ அதற்கு மேல் சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜ் ஏற்றுவதை நிறுத்துங்கள், குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், நேரே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

மற்ற எல்லோரும் இன்றிரவே அந்த ஒரு வரிக் கட்டளையை அடித்துப் பாருங்கள். போன கொள்ளளவு எத்தனை சதவீதம், ஓடிய சுற்று எத்தனை என்று இரண்டு எண்களை எழுதுங்கள். 100 சுற்றுக்கு 2 சதவீதம் என்று கழியுங்கள். மிஞ்சுவது பெரிதாக இருந்தால், சார்ஜ் வரம்பை 60க்கு இறக்கிவிட்டுத் தூங்கப் போகலாம்.